மூணுமே வீடு இல்லை

ஒரு சின்ன சோதனை. வீட்டில் எட்டு வயசுத் தம்பியோ அக்கா பொண்ணோ இருந்தால், ஒரு கரையான் புற்று, ஒரு எறும்புப் புற்று, ஒரு சிலந்தி வலை, மூணையும் காட்டி "இது என்ன?"ன்னு கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் வரும் பதில்: பாம்பு வீடு, எறும்பு வீடு, சிலந்தி வீடு. நம்மைக் கேட்டாலும் கொஞ்சம் யோசித்துவிட்டு ஏறக்குறைய இதையேதான் சொல்லுவோம்.

பக்கத்து ஊர் அரசுத் தொடக்கப்பள்ளியின் நாலாம், அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகள் 20 பேரை, நம்ம வளாகத்துக்குப் பின்னால் இருக்கும் புதர்க்காட்டுக்கு ஒரு இயற்கை நடையாகக் கூட்டிப்போவதென்று எங்கள் என்.எஸ்.எஸ். குழு முடிவு செய்தது. வழிகாட்டிகள் கையில் வைத்துப் பேச ஒரு ஸ்கிரிப்ட் வேண்டும். "நீ சிவில்தானே, மண்ணு உன் சப்ஜெக்ட், நீயே எழுது"ன்னு சீனியர் ஒருத்தர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்த ஸ்கிரிப்டில் என்ன இருக்கிறது, ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். உங்கள் ஊரிலும் இந்த மூணும் இருக்கும். வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நூல் பிடிக்கணும். கரையானைப் பற்றிப் பத்து தகவல், எறும்பைப் பற்றிப் பத்து தகவல், சிலந்தியைப் பற்றிப் பத்து தகவல் என்று அடுக்கினால், மூணாவது நிறுத்தத்தில் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவன் சட்டையில் மருளூமத்தங்காய் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். அதனால் மூணு இடத்திலும் கேட்பது ஒரே கேள்வி: "இது வீடா?" பதில் மூணு இடத்திலும் "இல்லை". ஆனால் ஒவ்வொரு இடத்திலும் அது வேறு ஒண்ணாக இருக்கும். அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கணும். நாம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் ஆட்டம் முடிந்தது.

மொத்தம் 75 நிமிடம். ஒரு நிறுத்தத்துக்கு 15 நிமிடம், மீதி நடப்பதற்கும் தண்ணீர் குடிப்பதற்கும். காலை 7 மணிக்குக் கிளம்பி எட்டேகாலுக்குள் திரும்பிவிட வேண்டும். வெயில் ஏறினால் தரை சுடும், எறும்புகள் உள்ளே போய்விடும், பிள்ளைகளும் நிழல் தேடுவார்கள். அன்றைக்கே விடிந்ததும், பிள்ளைகள் வருவதற்கு முன், ஒருவர் தடத்தை முழுக்க ஒருமுறை நடந்து பார்க்கணும். புற்று ஓடிப்போகாது. ஆனால் எறும்பு வரிசை இடம் மாறியிருக்கும், வலை காணாமல் போயிருக்கும். அதனால் வலைக்கு மட்டும் எப்போதும் இரண்டு, மூணு இடம் குறித்து வைத்திருக்கிறோம்.

முதல் நிறுத்தம்: கரையான் புற்று

புற்றைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை இருக்கிறது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, துணி கட்டியிருக்கும் புற்றை நாங்கள் எடுக்கவில்லை. அது ஒருவர் கும்பிடும் இடம், அங்கே போய் வகுப்பு எடுக்கக் கூடாது. அடுத்தது, புற்றில் திறந்த ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கணும். நம்ம பக்கம் அதிகம் தெரியும் கோபுரம் மாதிரியான புற்றைக் கட்டுவது ஓடொன்டோடெர்மஸ் ஒபீசஸ் என்ற கரையான். அது தன் புற்றில் ஓட்டையை விட்டு வைக்காது. ஒரு இடம் உடைந்தால் ஈர மண்ணைக் கொண்டுவந்து அடைத்துவிடும். அப்படிப்பட்ட புற்றில் கையளவு ஓட்டை ஒன்று திறந்தபடியே கிடந்தால், அந்தப் பகுதியைக் கரையான் கைவிட்டுவிட்டது, வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளணும். அது எலியாக இருக்கலாம், உடும்பாக இருக்கலாம், நல்ல பாம்பாகவும் இருக்கலாம். ஓட்டையின் விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தால் போக்குவரத்து நடக்கிறது என்று அர்த்தம். புகைபோக்கி மாதிரித் திறந்த வாய் வைத்தே கட்டும் கரையான் இனங்களும் உண்டு. அதனால் ஓட்டையைப் பார்த்து ஆராய்ச்சி செய்ய வேண்டாம். ஓட்டை இருந்தால் அந்தப் புற்று நமக்கு இல்லை, அவ்வளவுதான். ஓட்டை இல்லாத புற்றிலும் இரண்டு மீட்டர் தள்ளி ஒரு கயிற்றைத் தரையில் வட்டமாகப் போடுகிறோம். பிள்ளைகள் கயிற்றுக்கு வெளியே.

ஸ்கிரிப்டில் எழுத ரொம்ப நேரம் எடுத்த வரி இங்கேதான் வருகிறது. யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: "அண்ணா, உள்ள பாம்பு இருக்கா?"

எங்கள் குழுவில் முன்பு யாரோ எழுதி வைத்த பழைய நோட்டீஸ் ஒன்றில் இதற்குப் பதில் இருந்தது: "புற்றில் பாம்பு வசிக்கும் என்பது மூடநம்பிக்கை. கரையான்களே வசிக்கின்றன." படிக்க அறிவியல் மாதிரி இருக்கும். ஆனால் அது உண்மை இல்லை. பாம்புக்குப் புற்று கட்டத் தெரியாது, மண்ணில் வளை தோண்டும் கையும் இல்லை. ஆனால் ஏற்கனவே இருக்கும் பொந்தில் நுழைந்து தங்கத் தெரியும். வெளியே எவ்வளவு வெயிலடித்தாலும் உள்ளே குளுமை, கூடவே எலி கிடைக்கும். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை என்று ஊரில் சொல்வது கவனித்துச் சொன்ன பேச்சுதான். "பாம்பெல்லாம் கிடையாது"ன்னு நாம் தைரியம் சொல்லி அனுப்பினால், அந்தப் பிள்ளை அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் வயலோரப் புற்றில் குச்சியை விட்டுப் பார்க்கும். அந்தப் பக்கம் நாம் இருக்க மாட்டோம்.

அதே நேரம் பயமுறுத்தவும் கூடாது. பயந்த பிள்ளை கவனிக்காது. அதனால் ஸ்கிரிப்டில் இருக்கும் பதில் இதுதான்:

"இருக்கலாம். இந்தப் புற்றுல ஓட்டை எதுவும் இல்லைன்னு காலைல பார்த்தோம், அதனாலதான் இங்க நிக்கிறோம். ஓட்டை இருக்கிற புற்றுகிட்ட அண்ணாவும் போக மாட்டேன். நீங்களும் எந்த ஓட்டைக்குள்ளயும் கையும் குச்சியும் விடக் கூடாது."

இந்த மூணு வரியை மட்டும் வழிகாட்டிகள் மனப்பாடம் செய்யணும், மற்றதெல்லாம் சொந்த வார்த்தையில் சொல்லிக்கொள்ளலாம். கூடவே வழிகாட்டிகளுக்கு மட்டும் ஒரு குறிப்பு: பாம்புக் கடிக்கு விஷமுறிவு மருந்து இருக்கும் பக்கத்து அரசு மருத்துவமனை எது என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளணும். யாரையாவது கடித்தால் கடிவாயைக் கீறுவதோ, இறுக்கிக் கட்டுவதோ கூடாது. நடக்க விடாமல், அசையாமல் வைத்து 108-ஐக் கூப்பிடணும்.

பாம்பு விஷயம் முடிந்ததும் அடுத்த கேள்வி: "அப்ப கட்டினது யாரு?" கரையானைக் காட்டணும். அதற்காகப் புற்றை உடைக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு முன்பே, புற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி, நனைத்த அட்டைப்பெட்டித் துண்டு ஒன்றை மண்ணில் பதித்து, மேலே காய்ந்த இலையைப் போட்டு வைத்தோம். நடை அன்றைக்கு அதைத் தூக்கினால் அடியில் மண் பூச்சும் அதற்குள் ஓடும் வெள்ளைப் பூச்சிகளும் தெரியும். பிள்ளைகள் ஒரு நிமிடம் பார்க்கலாம். பிறகு மூடிவிட வேண்டும், ஏனென்றால் தோல் மெல்லிசு, வெயிலில் காய்ந்துவிடும். "ஈசல் பார்த்திருக்கீங்களா?"ன்னு கேட்டால் எல்லாக் கையும் உயரும். மழை பெய்த மாலையில் விளக்கைச் சுற்றும் ஈசல், இதே கரையான் குடும்பத்தில் இறக்கை முளைத்து வெளியே போகும் பிள்ளைகள் என்று சொன்னால், வறுத்த ஈசல் சாப்பிட்ட பையன் ஒருத்தன் முகம் மாறும். அது தனி சந்தோஷம்.

இப்போது நம்ம கேள்வி: "இது அவங்க வீடா?" கரையான்கள் பெரும்பாலும் தரைமட்டத்திலும் அதற்குக் கீழேயும்தான் இருக்கின்றன. ராஜா, ராணி அறையும், அவை வளர்க்கும் காளான் தோட்டமும் அங்கேதான். ஆம், காளான். தின்ற மரத்தூளையும் சருகையும் தேன்கூடு மாதிரி அடுக்கி, அதன்மேல் ஒரு பூஞ்சையை வளர்த்து, அது பதப்படுத்திக் கொடுப்பதைத் தின்கின்றன. மழைக்குப் பிறகு புற்றோரம் முளைக்கும் புற்றுக்காளான் அந்தத் தோட்டத்திலிருந்து எழும்பி வருவதுதான். பல லட்சம் பூச்சிகளும் ஒரு தோட்டமும் மண்ணுக்குள் மூச்சு விட்டால் உள்ளே கரியமில வாயு சேரும். ஜன்னல் கிடையாது. எப்படி வெளியேற்றுவது?

அதற்குத்தான் இந்தக் கோபுரம். பெங்களூரில் இதே ஒபீசஸ் புற்றுகளில் கருவிகள் வைத்து அளந்து, ஹண்டர் கிங், சாமுவேல் ஓக்கோ, மகாதேவன் மூவரும் 2015-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. புற்றின் வெளிப்பக்கம் மடிப்பு மடிப்பாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மெல்லிய மடிப்புகள் பகலில் சீக்கிரம் சூடாகும், நடுப்பகுதி மெதுவாக. சூடான காற்று மடிப்புகளில் மேலே ஏறி நடுவில் கீழே இறங்கும். ராத்திரி மடிப்புகள் முதலில் குளிர்ந்துவிடும், சுற்று திரும்பிவிடும். பகலில் உள்ளே சேர்ந்த கரியமில வாயு ராத்திரியில் வெளியேறுகிறது. விசிறி கிடையாது, மோட்டார் கிடையாது. பகலுக்கும் இரவுக்கும் உள்ள வெப்ப வித்தியாசமே ஓட்டுகிறது. வாயு வெளியே போவது சுவரில் இருக்கும் நுண்துளைகள் வழியாக.

இதை அஞ்சாம் வகுப்புக்கு எப்படிச் சொல்வது? கோவிட் காலத்தில் வாங்கி அலமாரியில் கிடக்கும் நெற்றி வெப்பமானி ஞாபகம் இருக்கா? அதில் "பொருள்" அளக்கும் மோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்க. உடம்பு மோடில் வைத்தால் புற்றுக்குக் காய்ச்சல் இல்லை என்று 'Lo' காட்டிவிட்டு நின்றுவிடும். வழிகாட்டி மட்டும் கயிற்றுக்கு உள்ளே போய், கிழக்குப் பக்கத்தில் ஒரு முறை, மேற்குப் பக்கத்தில் ஒரு முறை, கையகலத் தூரத்தில் வைத்து அளக்கணும். எண்ணைப் பிள்ளைகள் கத்திப் படிக்கணும். காலை வெயில் விழுந்து அரை மணியாவது ஆகியிருந்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். மேகமாக இருந்தால் தெரியாது. அப்போது இந்தச் சோதனையை விட்டுவிடணும், இழுத்துப் பிடிக்கக் கூடாது. பிறகு ஒரே ஒரு வரி: "பானையில தண்ணி ஊத்தினா வெளியில ஏன் ஈரமாகுது? அந்த மாதிரி இந்தச் சுவரிலயும் கண்ணுக்குத் தெரியாத துளை இருக்கு. இது கரையானோட மூச்சுக்குழாய்." வீடு கீழே, மேலே இருப்பது மூச்சுக்குழாய். முதல் "இல்லை" கிடைத்துவிட்டது.

இரண்டாவது நிறுத்தம்: எறும்புப் புற்று

தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதுவும் புற்று, இதுவும் புற்று. ஒரே பேர் இருப்பதால் ஒரே மாதிரிப் பொருள் என்று தோன்றும். அதை உடைக்க, முதல் நிறுத்தத்தில் புற்றடியில் தானாக உதிர்ந்து கிடந்த ஒரு மண் கட்டியை வழிகாட்டி எடுத்து வந்திருப்பார். அதை ஒரு பிள்ளையிடம் கொடுத்து "நசுக்கு பாப்போம்"ன்னு சொல்லணும். விரலால் முடியாது. கரையான் ஒவ்வொரு மண் உருண்டையையும் தன் எச்சிலால் ஒட்டி வைக்கிறது. நம்ம பாஷையில் பைண்டர் போட்ட மண். அடுத்து, எறும்புப் புற்றின் வாயைச் சுற்றி இருக்கும் மண்ணில் ஒரு சிட்டிகை. தொட்டதும் உதிர்ந்துவிடும். ஒட்டவே இல்லை.

ஏன் ஒட்டவில்லை? இங்கே வரும் கேள்வியைத்தான் முழு ஸ்கிரிப்டிலும் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: "உங்க ஊர்ல கிணறு தோண்டினா மண்ணை எங்க போடுவாங்க?" கிராமத்துப் பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள், பக்கத்திலேயே மேடாகக் கொட்டுவார்கள் என்று. "அந்த மேட்டுலயா தண்ணி இருக்கு?" இல்லை, கீழே. அதே கதைதான். நாம் எறும்புப் புற்று என்று சொல்லும் அந்த மண் வட்டம், கீழே அறைகள் தோண்டியபோது வாயில் கவ்வி மேலே கொண்டுவந்து போட்ட மண். கட்டிய கட்டடம் இல்லை, தோண்டிப் போட்ட கழிவு. ஒரு மழை பெய்தால் கரைந்துவிடும். எறும்புக்குக் கவலையில்லை, அறைகள் கீழே இருக்கின்றன. ஒரு ஸ்பூனால் சின்னக் குழி தோண்டச் சொன்னால், குழியும் மேடும் ஒன்றுக்கொன்று கணக்கு என்று பிள்ளைகளுக்கே புரிந்துவிடும். (சிவில்காரர்களுக்கு மட்டும்: தோண்டிய மண் உப்பும் என்பதையும், பாதி மண் மழையில் போயிருக்கும் என்பதையும் மறந்துவிட்டு மேட்டை அளந்து அறையின் கொள்ளளவு சொல்லிவிடாதீர்கள்.)

எங்கள் தடத்தில் இருப்பது விதை சேர்க்கும் எறும்பு. புற்று வாயைச் சுற்றி மண்ணோடு சேர்ந்து உமி வட்டமாகக் கிடக்கும். புல் விதையைக் கொண்டுபோய் உள்ளே வைத்து உரித்துவிட்டு, தோலை வெளியே போட்டிருக்கின்றன. அந்த உமியைக் கொஞ்சம் வெள்ளைத் தாளில் வைத்து, அக்கம்பக்கத்துப் புல்லோடு ஒப்பிட்டு, எந்தப் புல் இவர்கள் வீட்டுச் சமையல் என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கலாம். லென்ஸ் வைத்து எறும்பின் இடுப்பையும் பார்க்கச் சொல்லணும். நூல் மாதிரி இடுப்பு, நடுவில் மடங்கிய உணர்கொம்பு. கரையானுக்கு இடுப்பே இல்லை, உணர்கொம்பு நேரான மணிச்சரம். கரையான் கரப்பான்பூச்சிக்குச் சொந்தம், எறும்பு குளவிக்குச் சொந்தம். வரிசையில் போகும் எறும்புகள் எல்லாமே பெண்கள் என்று சொன்னதும், பிள்ளைகள் "அக்கா வருது, வழி விடு" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

சோதனை ஒன்றே ஒன்று. பிள்ளைகள் முதல் நிறுத்தத்தில் இருக்கும்போதே, இரண்டாவது வழிகாட்டி இங்கே வந்து, எறும்பு வரிசைக்குக் குறுக்கே ஐந்து சென்டிமீட்டர் அகலத் தாள் ஒன்றை வைத்து, ஓரங்களில் கல் வைத்துவிட வேண்டும். முதலில் தயங்கினாலும் பத்து, பதினைந்து நிமிடத்தில் எறும்புகள் தாள் மேலேயே நடக்கத் தொடங்கிவிடும், தாள் மேல் வாசனை படிந்துவிடும். பிள்ளைகள் வந்ததும் அந்தத் தாளை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதுத் தாள் வைக்கணும். ஒரு பிள்ளை கடிகாரம் பார்க்கணும். எறும்புகள் தாள் விளிம்பில் நின்று, கொம்பை ஆட்டி, கூட்டமாகத் தேங்கும். சில திரும்பிவிடும். பிறகு ஒன்றிரண்டு தைரியமாகக் கடக்கும், மெதுவாக வரிசை மறுபடி கூடும். பழைய தாளை வரிசையின் ஓரத்தில் சாய்வாக வைத்தால் சில எறும்புகள் அதில் ஏறித் தப்பான திசையில் போகும். ரோடு கண்ணில் இல்லை, மூக்கில் என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள்.

தேங்கவே இல்லை என்றால்? பழைய தாளை வைத்த நேரம் போதவில்லை, அல்லது தாள் ரொம்ப ஒடுக்கம், எறும்பு இரண்டே எட்டில் கடந்துவிட்டது. இன்னொரு பத்து நிமிடம் கழித்து முயலலாம். அதைவிட முக்கியம் நிற்கும் இடம். எறும்பைப் பார்க்கும் ஆர்வத்தில் பக்கத்து நெருப்பெறும்புப் புற்றின் மேல் ஒரு பிள்ளை நின்றுவிட்டால் நடை அங்கேயே முடிந்துவிடும். எந்த எறும்பு வரிசைக்குப் பக்கத்தில் வேறு எறும்பு இல்லையோ, அதைத்தான் தேர்ந்தெடுக்கணும்.

மூன்றாவது நிறுத்தம்: சிலந்தி வலை

வலைக்குப் போவதற்கு முன் திறந்த இடத்தில் ஒரு விளையாட்டு. எட்டுப் பிள்ளைகள் வட்டமாக நின்று ஆளுக்கொரு சணல் கயிற்றைப் பிடிக்கணும். எல்லாக் கயிறும் நடுவில் கண்ணைக் கட்டிய ஒரு பிள்ளையின் கையில். நான் காட்டுபவர் மட்டும் கயிற்றை லேசாகச் சுண்டணும், நடுவில் இருப்பவர் யார் என்று கைநீட்டணும். நாலு முறையில் மூணு முறை சரியாகச் சொல்லிவிடுவார்கள். கயிறு தொய்ந்தால் சொல்ல முடியாது என்பதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். "இழுத்துப் புடிங்கடா"ன்னு நடுவில் இருப்பவர் கத்துவார். வலை ஏன் விறைப்பாக இருக்கணும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை.

பிறகு வலை. ஒரு நேரத்தில் ஐந்து பேர்தான். எங்கள் புதரில் கிடைப்பது ஆர்ஜியோப் வகைச் சிலந்தி. வலையின் நடுவில் வெள்ளை நிறத்தில் வளைந்து வளைந்து பெருக்கல் குறி போட்டு, அதன்மேல் இரண்டிரண்டாகக் காலைச் சேர்த்து, தலைகீழாக உட்கார்ந்திருக்கும். வலை சரியாகத் தெரியவில்லை என்றால் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரை ஒரே முறை, தள்ளி நின்று, பனி மாதிரித் தெளிக்கலாம். மாவு தூவினால் நன்றாகத் தெரியும் என்று சிலர் சொல்வார்கள், வேண்டாம். பசை அடைபட்டு அந்த வலை வீணாகிவிடும்.

"இது வீடா?" இங்கே பிள்ளைகள் உஷாராகிவிட்டிருப்பார்கள், உடனே "இல்லை!" என்பார்கள். விடக் கூடாது. "எப்படிச் சொல்றீங்க?" கூரை இல்லை, மழை பெய்தால் நனையும், முட்டையும் இந்த வட்டத்துக்குள் இல்லை என்று ஒவ்வொன்றாக வரும். அப்போ எதற்கு? காய்ந்த புல் ஒன்றை எடுத்து வழிகாட்டி மட்டும் வலையின் ஓரத்தில் இரண்டு இடத்தில் தொடணும். நடுவிலிருந்து வெளியே போகும் ஆரக்கால் நூலில் தொட்டால் ஒட்டாது. சுற்றிச் சுற்றி வரும் சுருள் நூலில் தொட்டால் ஒட்டி இழுத்துக்கொண்டு வரும். பூச்சிக்கு எது ரோடு, எது பொறி என்று தெரியாது. சிலந்திக்குத் தெரியும். இது தூண்டில்.

சிலந்திக்கு எப்படி விஷயம் போகிறது என்பதற்கு நம்ம இயற்பியல் ஆய்வகத்து இசைக்கவை போதும். இது புது யோசனை இல்லை. சி.வி. பாய்ஸ் என்ற இயற்பியலாளர் 1880-லேயே இசைக்கவையைத் தோட்டச் சிலந்தியின் வலையில் வைத்துப் பார்த்து எழுதியிருக்கிறார். கவையை ரப்பரில் தட்டி, அதிரும் முனையால் வலையின் ஓரத்து நூலை லேசாகத் தொட்டால், சிலந்தி அந்தப் பக்கம் திரும்பும், நூல்களைக் காலால் இழுத்துப் பார்க்கும், சில நேரம் ஓடியே வந்துவிடும். அதற்குப் பார்வை மட்டம். ஈயும் இசைக்கவையும் அதன் காலுக்கு ஒரே மாதிரி நடுக்கம்தான்.

எப்போதும் நடக்காது. அப்போதுதான் சாப்பிட்டிருந்தால் சும்மா இருக்கும். வலை முழுவதையும் அதுவே குலுக்க ஆரம்பித்தாலோ, நூலைப் பிடித்துக்கொண்டு தொப்பென்று கீழே இறங்கினாலோ, பயந்துவிட்டது என்று அர்த்தம். அதோடு நிறுத்தி, பிள்ளைகளை இரண்டு எட்டு பின்னால் நகர்த்தணும். ஒரு வலையில் இரண்டு முறைக்கு மேல் கவை வேண்டாம். அடுத்த ஐந்து பேருக்கு அடுத்த வலை. அதற்காகத்தான் இரண்டு, மூணு இடம் குறித்தது.

அந்தப் பெருக்கல் குறி எதற்கு என்று கட்டாயம் கேட்பார்கள். பூச்சிகளை ஈர்க்கிறது என்று ஒரு தரப்பு, பறவைகளை எச்சரிக்கிறது என்று இன்னொரு தரப்பு, ஆய்வாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அதை அப்படியே சொல்லிவிட்டு, "உங்களுக்கு என்ன தோணுது?"ன்னு கேட்பதுதான் ஸ்கிரிப்டில் இருக்கிறது. ஒரு பொண்ணு சொன்னது: "அதுக்குக் கையெழுத்துப் போடத் தெரியல அண்ணா, கைநாட்டு மாதிரி." இந்தச் சிலந்திக்கு ஆங்கிலத்திலும் கையெழுத்துச் சிலந்தி என்றுதான் பேர் என்று அவளுக்குத் தெரியாது.

கடைசி ஐந்து நிமிடம் மரத்தடியில். மூணும் வீடு இல்லை என்றால் வீடு எங்கே? கரையானுக்கும் எறும்புக்கும் காலுக்குக் கீழே. சிலந்திக்கு வீடே கிடையாது, தூண்டிலிலேயே குடியிருக்கிறது. மேலே தெரிந்தது ஒன்று மூச்சுக்குழாய், ஒன்று தோண்டிப்போட்ட மண், ஒன்று பொறி. இதைப் பிள்ளைகள் வரையணும், தரைக்கோடு போட்டு, கோட்டுக்குக் கீழேயும் வரையணும். கோட்டுக்குக் கீழே யார் வரைந்திருக்கிறார்களோ அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. மேலே மட்டும் வரைந்திருந்தால் கிணற்றுக் கதையை இன்னொரு முறை சொல்லணும்.

ஸ்கிரிப்டின் கடைசி வரி பிள்ளைகளுக்கு இல்லை, நமக்கு. கயிற்றைச் சுருட்டு, அட்டையைப் பழையபடி மூடு, தாளையும் கல்லையும் எடு, ஸ்பூன் குழியை நிரப்பு. மறுநாள் காலையில் ஒருவர் போய் வலையைப் பார்க்கணும். இந்தச் சிலந்தி பழைய வலையைத் தின்றுவிட்டு அடிக்கடி புதிதாகப் பின்னும். சும்மாவே இடம் மாறுவதும் உண்டு, அதனால் ஒரு வலை இல்லை என்று கவலைப்பட வேண்டாம். ஆனால் நாம் நின்ற மூணு இடத்திலும் வலை இல்லை என்றால், நாம் ரொம்பக் கிட்டப் போயிருக்கிறோம். அடுத்த நடைக்குக் கயிற்றை இன்னும் ஒரு எட்டு வெளியே போடுங்க.